இறுக்கிய இடுப்பும் விரிந்த பாவாடையும்: கூப்பன் காலத்துக்கு ஓர் உடை சொன்ன பதில்

1950-களின் மேலைநாட்டுப் பெண்கள் உடை என்றதும் ஒரே படம்தான் நினைவுக்கு வரும். ஒரு பிடிக்குள் அடங்கிவிடும் போலிருக்கும் இடுப்பு, அதற்குக் கீழே குடைபோல விரிந்த பாவாடை. இது ஏன் வந்தது என்று கேட்டால் எங்கும் ஒரே பதில்: இரண்டாம் உலகப் போர் முடிந்தது, துணிப் பஞ்சம் தீர்ந்தது, பெண்கள் ஆசை தீரத் துணியை அள்ளிக்கொண்டார்கள்.

இந்தப் பதிலில் பாதி தவறு. அந்தப் பாவாடை விரிந்தபோது துணிப் பஞ்சம் தீரவே இல்லை. பிரிட்டனில் கூப்பன் இல்லாமல் ஒரு சட்டைகூட வாங்க முடியாது. அந்த நேரத்தில்தான் இந்த உருவம் வந்தது, அதனால்தான் அத்தனை சண்டையும் வந்தது. இடுப்பைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது: அது வெறுமனே இறுக்கிக் கட்டியதால் வந்தது என்பது. இரண்டையும் புரிந்துகொள்ளக் கொஞ்சம் தையல் கணக்கு வேண்டும். கடினமான கணக்கு இல்லை. வடையைப் பார்த்திருந்தால் போதும்.

பாவாடை என்று நான் எழுதுவதெல்லாம் ஸ்கர்ட்டைத்தான். சில்லூவெட் என்று ஃபேஷன் உலகில் சொல்வதை உருவக்கோடு என்கிறேன். விளக்குக்கு எதிரே ஒருவர் நின்றால் சுவரில் விழும் நிழலின் வெளிக்கோடு அது. நிறமோ பூவேலையோ அதில் தெரியாது. தோள், இடுப்பு, பாவாடையின் அகலம், நீளம் ஆகியவை மட்டுமே தெரியும்.

கூப்பன் என்றால் என்ன?

ரேஷன் அட்டையை நமக்குத் தெரியும். அட்டை இருந்தாலும் அரிசிக்குக் காசு கொடுக்க வேண்டும். காசு இருந்தாலும் அட்டையில் உள்ள அளவுக்கு மேல் கிடைக்காது. பிரிட்டனில் 1941 ஜூன் 1 அன்று துணிக்கும் இப்படி ஒரு ஏற்பாடு வந்தது. ஆளுக்கு ஓராண்டுக்கு 66 கூப்பன். கடையில் விலையையும் கொடுக்க வேண்டும், கூப்பனையும் வெட்டிக் கொடுக்க வேண்டும். அறிவிப்பு திடீரென்று வந்ததால் தனிப் புத்தகம்கூட அச்சாகியிருக்கவில்லை. உணவுப் புத்தகத்தில் இருந்த மார்ஜரின் கூப்பன்களையே முதலில் துணிக்குப் பயன்படுத்தினார்கள்.

கம்பளி உடை ஒன்றுக்கு 11 கூப்பன். பருத்தி அல்லது ரேயான் உடை என்றால் 7. மேல்கோட்டுக்கு 14. துணியாக வாங்கித் தைத்துக்கொள்வதாக இருந்தால், 36 அங்குல அகலமுள்ள கம்பளித் துணி கஜத்துக்கு 3 கூப்பன். பருத்தி முதலிய மற்றவற்றுக்கு 2. அடுத்த ஆண்டே 66 என்பது 48 ஆகச் சுருங்கியது. அதற்குப் பிறகும் குறைந்தது.

துணி எங்கே போனது? கம்பளி ராணுவச் சீருடைக்குப் போனது. பட்டும் நைலானும் பாராசூட்டுக்குப் போயின. துணியைவிடப் பெரிய காரணமும் உண்டு. பஞ்சும் கம்பளியும் கப்பலில் வர வேண்டும், கப்பலில் இடம் இல்லை. ஆலையில் நெய்யவும் தைக்கவும் ஆள் வேண்டும், அந்த ஆட்கள் ஆயுதத் தொழிற்சாலைக்குத் தேவைப்பட்டார்கள்.

தையல்காரரின் கையைக் கட்டிய சட்டம்

கூப்பன் வாங்குகிறவரைக் கட்டுப்படுத்தியது. 1942-இல் தைப்பவரையும் கட்டுப்படுத்தும் விதிகள் வந்தன. உருவக்கோட்டை உண்மையில் செதுக்கியது இவைதான் என்பது என் எண்ணம். கூப்பனைப் பற்றிப் பேசுகிறவர்கள் இவற்றை மறந்துவிடுகிறார்கள்.

பிரிட்டனில் பெண்கள் உடை ஒன்றில் பைகள் இரண்டுக்கு மேல் கூடாது, பொத்தான்கள் ஐந்துக்கு மேல் கூடாது. பாவாடையில் ஆறு தையல் இணைப்புகள் வரை வைக்கலாம். பெட்டி மடிப்பு என்றால் இரண்டு, ஒரு பக்கமாகப் படியும் கத்தி மடிப்பு என்றால் நான்கு, அவ்வளவுதான். அலங்கார வேலைக்கு இடமே இல்லை.

மடிப்பின் மேல் ஏன் இவ்வளவு கோபம்? ஒரு தாளை எடுத்து ஒரு அங்குலக் கத்தி மடிப்பு மடித்துப் பாருங்கள். வெளியே தெரிவது ஒரு அங்குலம். உள்ளே போவது ஒரு அங்குலம், திரும்பி வருவது இன்னொரு அங்குலம். ஒரு அங்குலத்தை மறைக்க மூன்று அங்குலத் தாள் செலவாகிறது. சுற்றிலும் மடிப்பு வைத்த பாவாடை மூன்று மடங்கு துணியைத் தின்னும். அதிகாரிகள் நான்கு மடிப்பு என்று எண்ணி வைத்ததற்குக் காரணம் இதுதான்.

அமெரிக்காவிலும் 1942 ஏப்ரலில் எல்-85 என்ற ஆணை வந்தது. அங்கே துணிக்குக் கூப்பன் கிடையாது, அளவுக் கட்டுப்பாடு மட்டும்தான். பாவாடையின் கீழ்ச் சுற்றளவுக்கு உச்சவரம்பு வைத்தார்கள்; நடுத்தர அளவு உடைக்கு அது 72 அங்குலம். கீழ் மடிப்பு இரண்டு அங்குலத்தைத் தாண்டக் கூடாது.

இப்படி ஒரு வடிவம் தானாக உருவானது. அகலமான தோள், நேராக இறங்கும் உடல், முழங்காலோடு நின்றுவிடும் குறுகிய பாவாடை. சீருடையின் சாயல் அதில் தெரியும். பிரிட்டனில் அரசின் அனுமதி பெற்ற உடைகளில் சிசி41 என்ற முத்திரை இருக்கும். அவற்றை மட்டமான உடை என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். நார்மன் ஹார்ட்நெல், ஹார்டி ஏமிஸ் போன்ற முன்னணி வடிவமைப்பாளர்களும் அந்தத் திட்டத்துக்கு மாதிரி வரைந்தார்கள். வெட்டு நன்றாக இருக்கும். அதில் இல்லாதது ஒன்றுதான்: அவசியமற்ற துணி.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிக்கொள்வோம். கூப்பன், ஒருவர் எவ்வளவு துணி வாங்கலாம் என்று கட்டுப்படுத்தியது. வெட்டு விதிகள், ஓர் உடைக்குள் எவ்வளவு துணி போகலாம் என்று கட்டுப்படுத்தின. போர்க்கால உடையின் நேர்கோடு ரசனையால் மட்டும் வந்ததல்ல.

1947 பிப்ரவரி 12

அன்று பாரிஸ் நகரில், அவென்யூ மான்டேன் 30-ஆம் எண் கட்டடத்தில், கிறிஸ்டியன் டியோர் தன் பெயரில் முதல் உடைத் தொகுப்பைக் காட்டினார். இரண்டு வடிவங்களுக்குப் பெயர் வைத்திருந்தார். ஒன்று கொரோல், மலரின் இதழ் வட்டம் என்று பொருள். இன்னொன்று எட்டு என்ற எண்ணின் வடிவம். அமெரிக்க இதழான ஹார்பர்ஸ் பஜாரின் ஆசிரியர் கார்மல் ஸ்னோ இதைப் புதிய தோற்றம் என்று சொல்ல, நியூ லுக் என்ற அந்தச் சொல்லே பெயராக ஒட்டிக்கொண்டது.

போர்க்கால உடையின் ஒவ்வொரு உறுப்பும் இங்கே தலைகீழானது. சதுரத் தோள் போய்ச் சரிந்த தோள் வந்தது. நேர் உடல் போய் இறுகிய இடுப்பு வந்தது. முழங்காலில் நின்ற பாவாடை கெண்டைக்கால்வரை இறங்கியது. நான்கு மடிப்பு இருந்த இடத்தில் மடிப்புக்கு மேல் மடிப்பு. அந்தத் தொகுப்பில் இருந்த ஷெரி என்ற பட்டு உடை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்கு மட்டும் பதின்மூன்றரை கஜம் டஃபெட்டா பட்டு செலவானது.

இதை ஒரு கூப்பன் புத்தகத்தோடு பொருத்திப் பாருங்கள். கஜத்துக்கு 2 கூப்பன் என்றால் பதின்மூன்றரை கஜத்துக்கு 27 கூப்பன். 48 கூப்பன் கிடைத்த ஆண்டிலேகூட அதில் பாதிக்கு மேல் ஒரே உடையில் தீர்ந்துவிடும். மிச்சம் 21 கூப்பனில் ஆண்டு முழுவதற்கும் காலணி, காலுறை, உள்ளாடை, கோட்டு எல்லாம் வாங்க வேண்டும்.

இந்த வடிவம் ஒரே நாளில் டியோரின் தலையில் முளைத்ததும் அல்ல. 1939-இலேயே பாரிஸில் இடுப்பு இறுகவும் பாவாடை விரியவும் தொடங்கியிருந்தது. போர் வந்து அதை நிறுத்தியது. போர் முடிந்ததும் மார்செல் ரோஷாஸ் என்ற வடிவமைப்பாளர் இடுப்பை இறுக்கும் குட்டையான கச்சையைக் கொண்டுவந்தார். அறுந்த நூலை எடுத்து, இறுதிவரை இழுத்துக் காட்டியவர் டியோர். அவருக்குப் பணம் போட்டவர் மார்செல் பூசாக், பிரான்சின் பெரிய பஞ்சாலை முதலாளி. அதனால் இதெல்லாம் துணி விற்கச் செய்த சூழ்ச்சி என்று சிலர் சொல்வார்கள். பூசாக்குக்கு லாபம் இருந்தது உண்மைதான். ஆனால் ஒரு முதலாளி விரும்பினார் என்பதற்காக உலகம் முழுக்கப் பெண்கள் தங்கள் பழைய பாவாடையைப் பிரித்துத் தைத்திருக்க மாட்டார்கள்.

வடைக் கணக்கு

இப்போது அந்தப் பாவாடை எப்படி விரிகிறது என்று பார்ப்போம். விரிந்த பாவாடைகளில் எளிமையானது முழுவட்டப் பாவாடை. நம் ஊர்த் தையல் கடையில் அம்ப்ரெல்லா கட் என்பார்கள். ஒரு மெதுவடையை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் ஓட்டைதான் இடுப்பு. வடையின் வெளி விளிம்புதான் பாவாடையின் கீழ் விளிம்பு. ஓட்டைக்கும் விளிம்புக்கும் நடுவில் உள்ள தூரம் பாவாடையின் நீளம். இடுப்பில் ஒரு சுருக்கமும் இருக்காது, கீழே மட்டும் துணி அலை அலையாக விழும்.

ஒரு பெண்ணின் இடுப்பு 24 அங்குலம், பாவாடை நீளம் 27 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். கடையில் துணியின் அகலம் 36 அங்குலம்.

முதலில் போர்க்காலப் பாவாடை. முன்பக்கம் ஓர் அகலம், பின்பக்கம் ஓர் அகலம். கீழ்ச் சுற்றளவு 72 அங்குலம். மேல், கீழ் மடிப்புக்கு 3 அங்குலம் சேர்த்து ஒரு பக்கத்துக்கு 30 அங்குலம். இரண்டு பக்கத்துக்கும் 60 அங்குலம், அதாவது ஒன்றே முக்கால் கஜத்துக்குக் கொஞ்சம் குறைவு. கம்பளியாக இருந்தால் 5 கூப்பன்.

அடுத்து வட்டப் பாவாடை. 24 அங்குலச் சுற்றளவுள்ள ஓட்டைக்கு ஆரம் 3.8 அங்குலம். அதோடு நீளம் 27 சேர்த்தால் வெளி ஆரம் 30.8. வெளி விளிம்பின் சுற்றளவு ஏறக்குறைய 193 அங்குலம், கிட்டத்தட்ட ஐந்து மீட்டர். இதை இரண்டு அரைவட்டமாக வெட்டினால், ஒவ்வொன்றுக்கும் 62 அங்குலம் வேண்டும். மொத்தம் மூன்றரை கஜம். கம்பளியில் பத்தரை கூப்பன். பாவாடைக்கு மட்டும்தான் இது, மேல்சட்டை தனி.

சரி, இன்னும் ஓர் அடி எடுத்து வைப்போம். டியோரின் பாவாடை நீளமும் கூடியது. அதே வட்டப் பாவாடையை 27-இலிருந்து 33 அங்குலமாக நீட்டுங்கள். நீளம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது. துணியின் பரப்போ ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் கூடிவிடும். வடையின் வெளிவட்டத்தில் ஒரு விரல் அகலம் மாவு சேர்த்தால் எவ்வளவு மாவு வேண்டும் என்று யோசியுங்கள்; பெரிய சுற்றளவு முழுக்க அது பரவ வேண்டும். இன்னொரு சிக்கலும் வருகிறது. வெளி ஆரம் இப்போது 36.8 அங்குலம். துணியின் அகலம் 36. அரைவட்டம் துணிக்குள் அடங்கவில்லை. ஒட்டுப் போட வேண்டும், அல்லது பாவாடையைப் பல துண்டுகளாகப் பிரித்து வெட்ட வேண்டும். துண்டுகள் கூடினால் தையல் இணைப்பும் கூடும். போர்க்காலத்தில் பாவாடைக்கு ஆறு இணைப்புதான் அனுமதி என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அகலமும் நீளமும் தனித்தனியே துணியைத் தின்கின்றன. இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று பெருக்கிக்கொள்கின்றன. இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால் புதிய தோற்றம் ஏன் கண்ணை உறுத்தியது என்று விளங்கிவிடும். அன்றைய பெண்கள் எல்லோரும் துணியைக் கூப்பனில் அளக்கப் பழகியிருந்தார்கள். தெருவில் போகும் ஒரு பாவாடையைப் பார்த்தவுடன் அதன் விலையைக் கண்ணாலேயே எண்ணிவிடுவார்கள்.

இடுப்பு எப்படிச் சிறுத்தது?

வட்டம் தனியாக அந்த உருவக்கோட்டைத் தராது. மெல்லிய துணியில் வட்டப் பாவாடை தைத்தால் அது உடலோடு ஒட்டித் தொங்கும், சுற்றினால்தான் விரியும். சும்மா நிற்கும்போதும் விரிந்திருக்க உள்ளே ஏதாவது தாங்க வேண்டும். டியோர் மேல்துணிக்குப் பின்னால் மெல்லிய, மடமடப்பான பருத்தியையோ டஃபெட்டாவையோ லைனிங்காகக் கொடுத்தார். அதற்கும் உள்ளே வலைத்துணி உள்பாவாடை. இன்று லெஹங்காவுக்குள் வைக்கும் கேன்கேன் அதே வேலையைத்தான் செய்கிறது.

இடுப்புக்கு வருவோம். ஒரு மூட்டையின் நடுவில் கயிற்றைக் கட்டினால் கட்டிய இடம் சிறுத்துத் தெரியும். கயிறு எவ்வளவு இறுகியது என்பது பாதிக் காரணம். கயிற்றுக்கு மேலும் கீழும் மூட்டை எவ்வளவு புடைத்திருக்கிறது என்பது மீதிப் பாதி. டியோர் அந்த மீதிப் பாதியில் நிறைய உழைத்தார். அந்தத் தொகுப்பில் மிகவும் பேசப்பட்ட பார் என்ற உடையில், வெளிர்நிறப் பட்டு ஜாக்கெட்டின் இடுப்புக்குக் கீழ்ப்பகுதி பஞ்சு வைத்துப் புடைக்கவிடப்பட்டது. மார்புப் பகுதியும் நிரப்பிக் காட்டப்பட்டது. கறுப்புக் கம்பளிப் பாவாடை அதன் கீழே மடிப்பு மடிப்பாக விரிந்தது. மேலும் கீழும் பெருத்ததால் நடு சிறுத்தது. கச்சை சில அங்குலம் குறைத்தது, மீதி நம் கண் செய்த வேலை.

பழைய படங்களைப் பார்த்துவிட்டு, அந்தக் காலத்துப் பெண்களுக்கு இயல்பாகவே அவ்வளவு சிறிய இடுப்பு என்று நம்பித் தங்கள் உடம்பை நொந்துகொள்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அது உடம்பின் அளவு அல்ல. பஞ்சும் கேன்வாஸும் லைனிங்கும் சேர்ந்து கட்டிய கட்டடம்.

அந்தக் கட்டடத்துக்கு ஒரு தூணும் உண்டு. பத்துக் கஜம் துணி தொங்கினால் அதன் எடை மேல்சட்டையைக் கீழே இழுக்கும். இடுப்புத் தையல் நழுவி இறங்கும், முதுகில் சுருக்கம் விழும். அதைத் தடுக்க உடைக்குள் இடுப்பைச் சுற்றி ஒரு தடித்த பட்டி நாடா தைத்து, முதலில் அதன் கொக்கியை மாட்டிவிட்டு அப்புறம் உடையின் பொத்தானைப் போடுவார்கள். பாவாடையின் எடையை அந்த நாடா வாங்கிக்கொள்ளும். அந்தக் காலத்து உடை ஒன்று கைக்குக் கிடைத்தால் உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். நாடா, எலும்புக் குச்சிகள், கையகலக் கீழ் மடிப்பு இருந்தால் அது இந்த மரபில் நன்றாகத் தைத்த உடை. மெல்லிய கீழ் மடிப்பும் எண்ணி வைத்த பொத்தானும் சிசி41 முத்திரையும் இருந்தால் அது கூப்பன் காலத்துப் பள்ளியில் படித்தது.

வட்டப் பாவாடை தைப்பவர்கள் செய்யும் பெரிய தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வட்டத்தில் சில இடங்களில் துணியின் இழை நேராக விழும், சில இடங்களில் மூலைவாட்டமாக விழும். மூலைவாட்டத்தைத் தையல்காரர்கள் கிராஸ் என்பார்கள். கிராஸில் துணி நீளும். வெட்டியவுடன் கீழே மடித்துத் தைத்தால், சில நாளில் பாவாடை நான்கு இடத்தில் தொங்கி விளிம்பு அலையடிக்கும். அதனால் ஒரு நாளாவது தொங்கவிட்டு, நீள்வது நீண்டு முடிந்த பிறகு, தரையிலிருந்து அளந்து சமப்படுத்தி மடிக்க வேண்டும். அப்படி வெட்டி எறியும் துணிகூடக் கூப்பன் காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத ஆடம்பரம்தான்.

ஆகவே, விரிவுக்கு வட்டமும் மடிப்பும், நிற்பதற்கு லைனிங்கும் வலையும், இடுப்புக்குக் கச்சையும் மேலும் கீழும் வைத்த பஞ்சும், எடைக்கு உள்நாடா. இந்த நான்கும் சேர்ந்ததுதான் அந்த உருவக்கோடு.

கோபமும் ஆசையும்

பாரிஸிலேயே, தெருவில் வைத்து இந்த உடைகளைப் படம் எடுக்கப் போனபோது, ஒரு மாடல் பெண்ணின் உடையை மற்ற பெண்கள் பிடித்துக் கிழித்தார்கள். அமெரிக்காவில் டல்லஸ் நகரில் பாவாடை முழங்காலுக்குச் சற்றுக் கீழேயே இருக்கட்டும் என்று பெண்கள் ஒரு சங்கமே வைத்தார்கள். அங்கே கோபம் பஞ்சத்தால் வந்ததல்ல. கணுக்காலை நோக்கி இறங்கும் பாவாடையும் கச்சையும் தங்களைப் பின்னுக்கு இழுக்கின்றன என்று அவர்கள் நினைத்தார்கள். அது நியாயமான நினைப்பும்கூட. போர்க்காலத்தில் பெண்கள் தொழிற்சாலைகளில் வேலை செய்து பழகியிருந்தார்கள்.

பிரிட்டனில் எதிர்ப்பு அரசாங்கத்திலிருந்தே வந்தது. அப்போது வணிகத் துறையைக் கவனித்தவர் ஸ்டாஃபோர்டு கிரிப்ஸ். 1942-இல் இந்தியாவுக்குத் தூது வந்தாரே, அவரேதான். குட்டைப் பாவாடையையே தொடர வேண்டும் என்று அவர் வடிவமைப்பாளர்களைக் கேட்டுக்கொண்டார். அவருடைய கவலை அர்த்தமுள்ளது. போரால் கடன்பட்ட நாடு துணியை ஏற்றுமதி செய்து டாலர் சம்பாதிக்க வேண்டியிருந்தது. உள்நாட்டில் ஒவ்வொரு பாவாடையும் ஆறு அங்குலம் நீண்டால் ஏற்றுமதிக்கு என்ன மிஞ்சும்? 1947 நவம்பரில் இளவரசி எலிசபெத்தின் திருமண உடைக்கே கூடுதல் கூப்பன் கொடுக்க வேண்டியிருந்த நாடு அது.

ஆனால் ஆசை கேட்கவில்லை. பெண்கள் பழைய பாவாடையின் கீழே வேறு நிறத் துணியில் ஒரு பட்டையை ஒட்டி நீளமாக்கினார்கள். இருந்த கோட்டின் இடுப்பைப் பிடித்துத் தைத்தார்கள். வட்டம் வெட்டத் துணி இல்லாதவர்கள் நேர்த்துணியை இடுப்பில் சுருக்கி விரிவு காட்டினார்கள். இந்த உருவக்கோட்டை உண்மையில் வெற்றிபெறச் செய்தவர்கள் இவர்கள்தான் என்பேன். டியோரின் வாடிக்கையாளர்கள் சில ஆயிரம் பேர் இருந்திருக்கலாம். கத்தரிக்கோலும் ஊசியுமாக இரவில் உட்கார்ந்தவர்களை யாரும் எண்ணவில்லை.

கூப்பன் ஒழிந்த பிறகு

பிரிட்டனில் துணிக்கான கூப்பன் 1949 மார்ச் 15 அன்றுதான் முடிவுக்கு வந்தது. டியோரின் முதல் காட்சிக்கு இரண்டு ஆண்டு கழித்து. நாம் 1950-களின் உடை என்று சொல்வது இதற்குப் பிறகு சாதாரண மக்களின் அலமாரிக்கு வந்து சேர்ந்த வடிவம். அதில் கம்பளியும் பட்டும் குறைந்துவிட்டன. ஹாராக்ஸஸ் போன்ற பிரிட்டிஷ் பருத்தி நிறுவனங்கள் பெரிய பூப்போட்ட பருத்தியில் ஆயத்த உடைகளாக அதைத் தைத்து விற்றன. பருத்தி லேசானது, வீட்டிலேயே துவைக்கலாம். போரில் பாராசூட்டுக்குப் போன நைலான் இப்போது வலைத்துணி உள்பாவாடையாகத் திரும்பி வந்து, அந்தப் பருத்தியை உள்ளிருந்து தாங்கியது. டியோரின் கனத்த உள்கட்டு இல்லாமலேயே அந்த விரிவு கிடைத்தது.

எல்லோரும் எப்போதும் விரிந்த பாவாடைதான் போட்டார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. டியோரின் முதல் தொகுப்பிலேயே உடலோடு ஒட்டிய குறுகிய பாவாடைகளும் இருந்தன, பத்தாண்டு முழுக்க இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தன. குறுகிய பாவாடையிலும் இடுப்பு இறுக்கமாகவே இருந்தது. 1957-இல் வடிவமைப்பாளர்கள் பலென்சியாகாவும் ஜிவான்ஷியும் இடுப்பே இல்லாத சாக்குப்பை போன்ற உடையைக் காட்டினார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் டியோர் இறந்தார். அவர் இடத்துக்கு வந்த ஈவ் சான் லோரான், அடுத்த ஆண்டின் முதல் தொகுப்பில், தோளிலிருந்து நேராக விரிந்து இறங்கும் உடையைத் தைத்தார். இடுப்பு நாடாவுக்கு அதில் வேலை இருக்கவில்லை.